ஜாடியை மேசையில் உட்கார வைப்பது: கையால் அடுக்கிய லேயரும் ஜெனரேட்டர் கலவையும்

வேலை இதுதான். வெள்ளைப் பின்னணியில் எடுத்த பளபளப்பான பீங்கான் ஜாடி ஒன்றின் படம் கையில் இருக்கிறது. ஜாடியின் வயிற்றில் ஒரு லேபிள், அதில் பொடி எழுத்தில் தமிழ் வரிகள். இன்னொரு படத்தில் ஜன்னலோரம் ஒரு மர மேசை. ஜாடி முதலிலிருந்தே அந்த மேசையில்தான் இருந்தது என்று பார்ப்பவர் நம்ப வேண்டும், லேபிளில் ஓர் எழுத்துகூட மாறக் கூடாது. இதே இரண்டு படங்களை முதலில் கிம்ப்பில் லேயர் லேயராக அடுக்கிச் செய்தேன். அப்புறம் படம் உருவாக்கும் ஜெனரேட்டரான ஸ்டேபிள் டிஃப்யூஷன் எக்ஸ்எல் மாடலிடம் கொடுத்து அதையே கலக்கச் சொன்னேன். கடைசியில் இரண்டிலிருந்தும் பாதிப் பாதி எடுத்துச் செய்ததுதான் நிலைத்தது. அதனால் அந்தப் பகுதியைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

எந்த வழியாக இருந்தாலும் முதலில் கேமரா எவ்வளவு மேலிருந்து பார்க்கிறது என்று இரண்டு படத்திலும் அளந்துவிட வேண்டும். ஜாடியின் வட்டமான வாய் படத்தில் நீள்வட்டமாகத் தெரியும். அந்த நீள்வட்டத்தின் உயரத்தை அகலத்தால் வகுத்தால் வருவது, கேமரா கீழ்நோக்கிப் பார்க்கும் கோணத்தின் சைன் மதிப்பு. என் ஜாடியின் வாய் 400 பிக்சல் அகலம், 70 பிக்சல் உயரம். வகுத்தால் 0.175, அதாவது ஏறத்தாழ 10 பாகை. முதலில் தேர்ந்தெடுத்த மேசைப் படத்தில் ஒரு தட்டு இருந்தது, அது 500-க்கு 170. வகுத்தால் 0.34, கிட்டத்தட்ட 20 பாகை. பத்துப் பாகை வித்தியாசம் என்றால் ஜாடி முன்பக்கமாகச் சரிந்து விழுவது போலத் தெரியும். நிழல், நிறம் எதை மாற்றினாலும் அது போகாது. ஜெனரேட்டரிடம் கொடுத்தால் அது இதைச் சரிசெய்யத்தான் பார்க்கும், ஆனால் ஜாடியையே புதிதாக வரைந்துதான் சரிசெய்யும். வேறொரு மேசைப் படத்தில் தட்டு 480-க்கு 90 இருந்தது, சுமார் 11 பாகை. அதை எடுத்துக்கொண்டேன். தட்டு மேசையில் இருக்கிறது, ஜாடியின் வாயோ அதைவிட உயரத்தில் இருக்கிறது என்பதால் இந்த ஒப்பீடு அவ்வளவு துல்லியம் இல்லை. ஓரிரு பாகை முன்பின் இருந்தால் கண் மன்னித்துவிடும்.

கையால் செய்தது

வெட்டி எடுப்பதற்குப் பாத் கருவிதான். ஜாடி போன்ற வழவழப்பான உருவத்துக்கு அதைவிடச் சுத்தமான ஓரம் வேறு எதிலும் வராது. வெட்டிய தேர்வை ஒரு பிக்சல் உள்ளே சுருக்கி, ஒரு பிக்சல் மென்மையாக்கினேன். ஓரப் பிக்சல்களில் பழைய வெள்ளைப் பின்னணி பாதி கலந்திருக்கும். அதைச் சுருக்காமல் விட்டால் இருண்ட இடத்தில் ஜாடியைச் சுற்றி வெள்ளை நூல் ஒன்று தெரியும்.

நேரம் பிடிப்பது நிழல்தான். நிழலுக்குக் கறுப்பு நிறத்தைப் பூசி ஒபாசிட்டியைக் குறைப்பவர்கள் நிறையப் பேர். அப்படிச் செய்த நிழல் மேசைமேல் கரி தேய்த்தது போல் அழுக்காகத் தெரிவதற்குக் காரணம் உண்டு. ஜன்னல் வெளிச்சம் மறைக்கப்பட்ட இடத்திலும் சுவரிலிருந்தும் வானத்திலிருந்தும் வேறு வெளிச்சம் வந்துகொண்டுதான் இருக்கும், அதற்கென்று ஒரு நிறம் உண்டு. அந்த நிறத்தை ஊகிக்க வேண்டாம், படத்திலிருந்தே அளந்துவிடலாம். மேசையில் வெளிச்சம் விழும் இடத்தில் சிவப்பு 190, பச்சை 150, நீலம் 112 இருந்தது. அதே மரத்தில் தட்டின் நிழலுக்குள் 92, 76, 64. ஒவ்வொன்றையும் வகுத்தால் 0.48, 0.51, 0.57. நீலம் மற்றவற்றைவிடக் குறைவாகத்தான் இருண்டிருக்கிறது, அதாவது நிழல் சற்று நீலம் பாய்ந்தது. இந்த மூன்றையும் 255-ஆல் பெருக்கினால் 123, 129, 146 என்று ஒரு நிறம் வரும். அந்த நிறத்தில் ஒரு லேயர் நிரப்பி `Multiply` வைத்தால், மேசைமேல் விழும் நிழல் தட்டின் நிழலோடு ஒத்துப்போகும். கிம்ப்பில் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: சாதாரண `Multiply` நேர்கோட்டு ஒளியளவில் கணக்குப் போடும். திரையில் படித்த எண்களை அப்படியே வகுத்து எடுத்த இந்த நிறத்துக்கு, லேயர் மோடு பட்டியலில் `Legacy` பிரிவில் இருக்கும் `Multiply`-தான் பொருந்தும். மற்றதை வைத்தால் நிழல் இந்த எண்களோடு சரியாக ஒத்துப்போகாது.

அந்த நிறத்தில் மூன்று லேயர் போட்டேன். ஜாடி மேசையைத் தொடும் கோட்டில் மெல்லிய, மிக இருண்ட ஒன்று. அதற்கு மட்டும் இன்னும் அடர்ந்த நிறம், மூன்று நான்கு பிக்சல் பிளர். அதைச் சுற்றி அகலமான, மங்கலான ஒன்று. அப்புறம் ஜாடியின் உருவத்தையே சாய்த்து வலப்பக்கம் விழவைத்த நீண்ட நிழல். இது அடியில் கூர்மையாகவும் தூரம் போகப் போகக் கலங்கியும் இருக்க வேண்டும் என்பதால், ஒரே லேயரை இரண்டு அளவில் பிளர் செய்து மாஸ்க்கில் மெதுவாக ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றினேன். மூன்றில் முதலாவதுதான் உயிர். அது இல்லாவிட்டால் நீண்ட நிழல் எவ்வளவு அழகாக இருந்தாலும் ஜாடி ஓர் அங்குலம் மேலே மிதக்கும்.

இதுவரை எல்லாம் கைக்குள் இருந்தது. ஜாடியின் உடம்பில் விழும் வெளிச்சத்தில்தான் மாட்டிக்கொள்கிறோம். ஸ்டுடியோவில் இரண்டு பக்கமும் சாஃப்ட்பாக்ஸ் வைத்து எடுத்த படம், ஜாடி இரு பக்கமும் சமமாக வெளுத்திருக்கிறது. ஜன்னலோ இடப்பக்கம் மட்டும். வலப்பக்கத்தை இருட்டாக்க வேண்டும். ஆனால் உருண்டையான வயிற்றில் அந்த இருட்டு எங்கே தொடங்கி எங்கே முடியும், கழுத்துக்குக் கீழே எவ்வளவு, மேசையிலிருந்து எதிரொளிக்கும் மர நிறம் அடியில் எவ்வளவு உயரம் ஏறும் என்பதெல்லாம் கண்ணால் பார்த்துப் பார்த்துப் பூச வேண்டியவை. ஓவியப் பயிற்சி உள்ளவருக்கு இது எளிது. எனக்கு மொத்த வேலையில் பாதிக்கு மேல் இதற்கே போனது. முடித்த பின்னும் ஜாடி கொஞ்சம் தட்டையாகத்தான் இருந்தது.

ஜெனரேட்டரிடம் விட்டது

ஜாடியை நிழல் எதுவும் இல்லாமல் மேசைமேல் சும்மா ஒட்டி, அதைச் சுற்றி 2048 பிக்சல் சதுரமாக ஒரு துண்டு வெட்டினேன். மாடல் பழகிய அளவு 1024 என்பதால் அந்த அளவுக்குச் சுருக்கி, `ComfyUI`-இல் இமேஜ்-டு-இமேஜ் முறையில் ஓட்டினேன். ஒரு படம் வர அரை நிமிடம்கூட ஆகவில்லை.

வேகம் என்று பார்த்தால் இதற்குப் பக்கத்தில் எதுவும் நிற்க முடியாது. ஆனால் லேபிளைப் பெரிதாக்கிப் பார்த்தால் கதை வேறு. மாடல் படத்தை எவ்வளவு மாற்றலாம் என்று சொல்லும் டீநாய்ஸ் அளவை 0.35 என்று குறைவாக வைத்தபோதே ‘க்’ என்பதன் புள்ளி காணாமல் போய் ‘க’ ஆகிவிட்டது. ‘ண’வின் சுழி ஒன்று குறைந்து ‘ன’ போல நின்றது. தூரத்திலிருந்து பார்த்தால் தமிழ் மாதிரியே இருக்கிறது என்பதுதான் இதில் ஆபத்து, அவசரத்தில் பார்க்கிறவர் தாண்டிப் போய்விடுவார்.

டீநாய்ஸை இன்னும் குறைத்தால் தப்பிக்கலாமே என்று தோன்றும். முடியாது. இந்த மாடல் நேரடியாகப் பிக்சல்களில் வேலை செய்வதில்லை. முதலில் விஏஇ என்ற பகுதி படத்தை நீளத்திலும் அகலத்திலும் எட்டில் ஒரு பங்காகச் சுருக்குகிறது. 8-க்கு 8 பிக்சல் கொண்ட ஒரு கட்டம், நான்கு எண்கள் கொண்ட ஒரே ஒரு புள்ளியாகிவிடும். கடைசியில் அதிலிருந்துதான் படம் திரும்ப விரிகிறது. 1024-க்குச் சுருக்கிய பிறகு என் லேபிளில் ஒரு மெய்யெழுத்துப் புள்ளி இரண்டு மூன்று பிக்சல்தான். அது பிழைக்க வழியே இல்லை. இதைச் சோதிப்பது எளிது. `Load Image`, `VAE Encode`, `VAE Decode`, `Save Image` என்ற நான்கை மட்டும் வரிசையாக இணைத்து, நடுவிலுள்ள இரண்டுக்கும் `Load Checkpoint`-இலிருந்து விஏஇ-யைக் கொடுத்து ஓட்டிப் பாருங்கள். மாடல் எதையும் வரையவில்லை, சும்மா மடித்துப் பிரித்ததுதான். அதிலேயே புள்ளிகள் கலங்கியிருக்கும்.

இதைவிட முக்கியமான இன்னொன்று உண்டு. டீநாய்ஸ் குறைவாக இருக்கும்போது மாடல் படத்தின்மேல் கொஞ்சம் இரைச்சலைச் சேர்த்து, பிறகு அதை நீக்குகிறது. கொஞ்சம் இரைச்சல் முதலில் அழிப்பது நுணுக்கங்களைத்தான். எழுத்து, மரத்தின் இழை, ஓரம் இவை போய்விடும். எந்தப் பக்கம் வெளிச்சம், எந்தப் பக்கம் இருட்டு என்ற பெரிய பரப்பு அப்படியே நிற்கும். எனக்கு வேண்டியது நேர் எதிரானது: நுணுக்கம் அப்படியே இருக்க வேண்டும், வெளிச்சம் மட்டும் மாற வேண்டும். 0.35-இல் எழுத்து உடைந்தும் ஜாடியின் வலப்பக்கம் வெளுப்பாகவே இருந்ததற்குக் காரணம் இதுதான். வெளிச்சம் உண்மையில் மாறத் தொடங்கியது 0.55-க்கு மேல்தான். அங்கே போனால் ஜாடியின் உருவமே நகரும் என்பதால், விளிம்புகளைப் பிடித்து வைக்க ஒரு கன்ட்ரோல்நெட்டும் சேர்க்க வேண்டியிருந்தது.

அப்படி வந்த படங்களில் ஒளி மட்டும் அருமை. வயிற்றின் வளைவில் இருட்டு மெல்ல இறங்கும் விதம், அடியில் ஏறிய மர நிறம், கழுத்துக்குக் கீழ் ஒரு மங்கல், இவையெல்லாம் நான் கையால் பூசியதைவிடத் தெளிவாக மேல். ஆனால் லேபிள் குப்பை. மேசையின் மர இழை துண்டின் ஓரத்தில் அசல் படத்தோடு சேரவில்லை. சில படங்களில் ஜன்னல் இடப்பக்கம் இருக்க, நிழல் இரண்டு பக்கமும் விழுந்தது. தொடக்க இரைச்சலைத் தீர்மானிக்கும் சீட் எண்ணை மாற்றினால் நிழலோடு மற்றதும் மாறும். “நிழல் மட்டும் கொஞ்சம் லேசாக இருக்கட்டும்” என்று ஒருவர் கேட்டால், கையால் செய்ததில் ஒபாசிட்டியை ஒரு முறை இழுத்தால் போதும். இங்கே மறுபடியும் குலுக்கல் சீட்டு.

இரண்டையும் சேர்த்தது

அப்படியானால் ஜெனரேட்டர் தந்ததைப் படமாக எடுத்துக்கொள்ளாமல், வெளிச்சத்தின் அளவீடாக மட்டும் எடுத்துக்கொண்டால் என்ன? நிழல் நிறத்தைக் கண்டுபிடிக்க முன்னால் செய்த அதே வகுத்தல்தான், இப்போது ஜாடி முழுவதற்கும். ஜெனரேட்டரின் ஜாடியை அசல் ஜாடியால் வகுத்தால் ஒவ்வொரு இடத்திலும் வெளிச்சம் எத்தனை மடங்கு மாறியது என்று வரும். அந்த மடங்கை அசல் ஜாடியோடு பெருக்கினால், எழுத்தெல்லாம் அசல், வெளிச்சம் புதியது.

அப்படியே வகுத்தால் உடைந்த எழுத்துகளும் மடங்குக்குள் வந்துவிடும். அதனால் முதலில் இரண்டையும் நன்றாகப் பிளர் செய்து, பிறகுதான் வகுக்க வேண்டும். பிளர் செய்யும்போது ஜாடிக்கு வெளியே உள்ள நிறம் உள்ளே கசியக் கூடாது. கிம்ப்பில் `Divide` மோடு வைத்தும் செய்யலாம், ஆனால் படத்தை 32 பிட் ஃப்ளோட்டுக்கு மாற்றாவிட்டால் ஒன்றுக்கு மேற்பட்ட மடங்கெல்லாம் வெள்ளையில் வெட்டுப்பட்டுப் போகும். பைதான் பத்துப் பன்னிரண்டு வரியில் முடித்துவிடுகிறது:

```python
import cv2, numpy as np
a = cv2.imread("jar_orig.png").astype(np.float32) / 255
b = cv2.imread("jar_gen.png").astype(np.float32) / 255
m = cv2.imread("mask.png", 0).astype(np.float32) / 255
a, b = a ** 2.2, b ** 2.2

def soft(x, s=30):
    w = cv2.GaussianBlur(m, (0, 0), s) + 1e-4
    return cv2.GaussianBlur(x * m[..., None], (0, 0), s) / w[..., None]

r = (soft(b) + 0.01) / (soft(a) + 0.01)
out = np.clip(a * r, 0, 1) ** (1 / 2.2)
cv2.imwrite("jar_relit.png", (out * 255).astype(np.uint8))
```

மூன்று படமும் ஒரே அளவில், ஒரே இடத்தில் பொருந்தியிருக்க வேண்டும். `** 2.2` திரை எண்களை உண்மை ஒளியளவுக்குக் கிட்டத்தட்டக் கொண்டு வருகிறது. `soft` மாஸ்க்குக்குள் இருப்பதை மட்டும் பிளர் செய்து, அதே மாஸ்க்கின் பிளரால் வகுக்கிறது. கசிவைத் தடுப்பது அதுதான். `0.01` சேர்ப்பது கன்னங்கரேலென்ற இடத்தில் மடங்கு தாறுமாறாக எகிறாமல் இருக்க. என் ஜாடி 1400 பிக்சல் உயரம், அதற்கு 30 பிளர் பொருந்தியது.

இதில் எதிர்பாராத ஒரு லாபமும் உண்டு. ஜெனரேட்டர் 1024-இல்தான் வேலை செய்தது, அதை 2048-க்குப் பெரிதாக்கினால் மங்கிவிடும் என்பது தனியாக ஒரு தலைவலியாக இருந்தது. இப்போது அதிலிருந்து எடுப்பதே மங்கலான வெளிச்சத்தை மட்டும்தான், ஆகவே அந்தக் கவலையே இல்லை. மேசையிலும் இதையே செய்தேன்: ஜாடியைத் தவிர்த்து மேசைப் பகுதிக்கு ஒரு மாஸ்க், பிளர் 12. நீண்ட நிழல் மரத்தின் அசல் இழையோடு வந்துவிட்டது. ஜாடி மேசையைத் தொடும் அந்த மெல்லிய இருட்டு மட்டும் பிளரில் கரைந்துபோகும், அதைக் கையால்தான் போட வேண்டும். அந்த லேயர் முன்பே இருந்தது, அப்படியே இழுத்து வைத்தேன்.

பளபளப்பு இதற்குள் அடங்காது. பீங்கானில் விழும் சாஃப்ட்பாக்ஸின் எதிரொளி கூர்மையான வெள்ளைப் பட்டை, அதாவது எழுத்தைப் போலவே நுணுக்கத்தின் பக்கம் நிற்கிறது. ஆகவே வகுத்துப் பெருக்கிய பிறகும் ஜாடியின் வலப்பக்கத்தில் ஸ்டுடியோ விளக்கின் பட்டை சற்று மங்கி அப்படியே இருந்தது. வலப்பக்கம் ஜன்னலே இல்லாத அறையில் இது பச்சைப் பொய். பார்ப்பவருக்குக் காரணம் சொல்லத் தெரியாது, ஆனால் படம் பொருந்தவில்லை என்று தோன்றும். க்ளோன் கருவியால் பக்கத்து மெருகை எடுத்து அதை மூடினேன். இடப்பக்கப் பட்டையை ஜன்னலாக ஏற்கலாம், நடுவில் சட்டக் கம்பிக்கு ஒரு மெல்லிய கோடு போட்டால் போதும்.

கடைசியாக இரைச்சல். ஜாடியின் படம் சுத்தம், மேசைப் படத்தில் பொடி மணல் போன்ற இரைச்சல் உண்டு. 200 சதவீதத்தில் நீல சேனலை மட்டும் தனியாகப் பார்த்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும், ஏனென்றால் பெரும்பாலான கேமராப் படங்களில் இரைச்சல் அதிகம் தேங்குவது அங்கேதான். ஜாடிக்கு அதே அளவு இரைச்சல் சேர்த்தேன்.

முறை சரியாக வந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது? லேபிளின் ஓரத்தைப் பாருங்கள். ஜெனரேட்டர் லேபிளை நகர்த்தியிருந்தால், நகர்ந்தது பிளரின் அளவை நெருங்கும்போது லேபிளைச் சுற்றி ஒரு பக்கம் வெளிறியும் மறுபக்கம் இருண்டும் ஒரு வளையம் தெரியும். அப்போது பிளரைக் கூட்டுவதைவிட, உருவம் நகராத வேறு சீட் எண்ணை எடுப்பது நல்லது. அசலின் மேல் வைத்து `Difference` மோடில் பார்த்தால் எது நகர்ந்தது என்று உடனே தெரிந்துவிடும். இன்னொரு சோதனை: `r`-ஐ மட்டும் தனியாக ஒரு படமாகச் சேமித்துப் பார்ப்பது. அதில் வழவழப்பான வெளிச்சம் மட்டும் இருக்க வேண்டும். லேபிளின் நிறமே நீள்சதுரமாகத் தெரிந்தால் ஜெனரேட்டர் லேபிளின் சாயத்தை மாற்றியிருக்கிறது என்று பொருள். அந்த இடத்தில் மட்டும் நிறத்தை விட்டுவிட்டு வெளுப்பு கறுப்பை எடுத்துக்கொள்ளலாம்.

நேரக் கணக்கு: முழுக்கக் கையால் செய்தது இரண்டு மணி நேரத்தைத் தாண்டியது, அதில் பாதிக்கு மேல் உடம்பின் வெளிச்சம் பூசுவது. சேர்த்துச் செய்தது ஏறத்தாழ ஒரு மணி நேரம், அதில் பெரும்பகுதி வெட்டி எடுப்பதும் பளபளப்பைத் திருத்துவதும். ஜெனரேட்டர் ஓடியது சில நிமிடம்தான், வந்தவற்றில் நிழல் ஒழுங்காக விழுந்ததைப் பொறுக்கியெடுப்பது அதைவிட அதிகம். அதே ஜாடி, அதே மேசை, லேபிள் மட்டும் வேறு என்று நான்கைந்து படம் வேண்டுமென்றால் கணக்கு இன்னும் மாறும். மடங்கு லேயரும் அடி நிழலும் அப்படியே திரும்பப் பயன்படும், ஜெனரேட்டரை மறுபடி திறக்கவே வேண்டாம்.

கண்ணாடிப் பாட்டிலுக்கு இந்த வகுத்தல் உதவாது. அதன் வழியாகப் பின்னால் இருக்கும் மேசை வளைந்து தெரிய வேண்டும், அது பழைய படத்தின் எத்தனை மடங்கு என்ற கேள்விக்கே இடமில்லை. அப்படி ஒன்று வந்தால், பாட்டிலின் உடம்பை ஜெனரேட்டர் வரையட்டும் என்று விட்டுவிட்டு, லேபிளை மட்டும் அசலிலிருந்து தனி லேயராக மேலே ஒட்டுகிறேன்.